கடையை மூடிய கதையை கேரசலாகப் போடப் போகிறாயா? கொஞ்சம் நில், கண்ணு

ஷட்டரை இழுத்துவிட்ட அன்று ராத்திரியே கேன்வாவைத் திறந்து, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் "ஒரு கனவின் முடிவு" என்று தட்டிக்கொண்டிருக்கிறாய் அல்லவா? அதை அப்படியே டிராஃப்டில் போட்டுவிட்டுப் போய்ச் சாப்பிடு. இந்த மாதிரி பதிவுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பாதி ஒப்பாரியாக இருக்கும், மீதி பார்ட்னரைத் திட்டுவதாக இருக்கும். படிக்கிறவருக்கு எடுத்துக்கொள்ள ஒரு வரிகூட இருக்காது.

என் சித்தி பெண் பீளமேட்டில் மதியச் சாப்பாட்டு டப்பா தொழில் செய்து, 11 மாதத்தில் மூடினாள். அவளுடைய கேரசலை நானும் அவளும் உட்கார்ந்து மூன்று முறை திருத்தினோம். அதை வைத்தே சொல்கிறேன், உனக்கும் நேரம் மிச்சமாகும்.

1. முதலில் பாக்கியைத் தீர், பிறகு பதிவைப் போடு

மாதச் சந்தா வாங்கியிருந்தால் மீதி நாட்களுக்கான பணத்தைத் திருப்பிக் கொடு. காய்கறிக்காரர் பாக்கி, உதவிக்கு வந்த அக்காவின் கடைசிச் சம்பளம், எல்லாமும்தான். இதைத் தர்மத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பாக்கி இருக்கும்போது நீ பாடம் சொன்னால், "என் 900 ரூபாய் எப்போ வரும்?" என்று ஒருவர் கமென்ட் போடுவார். அதற்கப்புறம் உன் எட்டு ஸ்லைடையும் யாரும் படிக்க மாட்டார்கள், அந்த ஒரு கமென்ட்டைத்தான் படிப்பார்கள். ஒரேயடியாகக் கொடுக்க முடியாவிட்டால், எந்தத் தேதிக்குள் தருவாய் என்று ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொல்லிவிட்டு வா.

2. நோட்டைத் திறக்காமல் ஒரு வரியும் எழுதாதே

என் தங்கை முதலில் எழுதிய காரணம், "மார்க்கெட்டிங் சரியில்லை" என்பது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. தினம் 60 டப்பா போயிருக்கிறது, அப்புறம் என்ன மார்க்கெட்டிங் சரியில்லை? நோட்டை எடுக்கச் சொன்னேன்.

24 நாள் சாப்பாட்டுக்கு 2,400 ரூபாய், அதாவது ஒரு டப்பா 100 ரூபாய். ஆரம்பத்தில் அரிசி, பருப்பு, காய், எண்ணெய் 48; கேஸ் 6; உதவியாளர் சம்பளம் 17; டப்பா, மூடி, பை 10; டெலிவரி 8. கூட்டினால் 89. டப்பாவுக்கு 11 ரூபாய் நின்றது. அப்போது வாடிக்கையாளர்கள் எல்லாரும் நாலு தெருவுக்குள் இருந்தார்கள்.

ஐந்தாவது மாதம் சரவணம்பட்டியில் இருந்து ஆர்டர் வந்தது, அப்புறம் ஆர்.எஸ்.புரத்தில் இருந்து. ஆர்டர் வருகிற சந்தோஷத்தில் அதே விலைக்கு ஒப்புக்கொண்டாள். சராசரி டெலிவரி செலவு டப்பாவுக்கு 25 ரூபாய் ஆனது. மொத்தம் 106. அன்றிலிருந்து ஒவ்வொரு டப்பாவுக்கும் 6 ரூபாய் கையிலிருந்து போனது. 60 டப்பா, 24 நாள் என்றால் மாதம் 8,640 ரூபாய். சந்தாப் பணம் முன்கூட்டியே வந்துவிடுவதால் கையில் எப்போதும் காசு புரண்டது, ஓட்டை கண்ணுக்குத் தெரியவில்லை.

பார்த்தாயா, கதை மாறிவிட்டது. "மார்க்கெட்டிங்" என்பது அவள் மனதில் இருந்த காரணம். நோட்டில் இருந்த காரணம் தூரம். உன் கேரசல் இரண்டாவதைத்தான் சொல்ல வேண்டும். நோட்டே எழுதவில்லையா? ஜிபே வரலாறும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் இருக்கும், அதிலிருந்து எடு. அதிலும் கிடைக்காத எண்ணை ஊகித்துப் போடாதே.

3. வினைச்சொல்லைப் பார், பழி அங்கேதான் ஒளிந்திருக்கும்

நம் தமிழில் ஒரு வசதி, ஒரு வம்பு. யார் செய்தார்கள் என்று சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். "பணம் போய்விட்டது" என்பாய். பணம் தானாக நடந்து போகுமா? "விலையை ஏற்றாமல் புது ஏரியாவை எடுத்தேன்" என்று எழுது. "முடிவு எடுக்கப்பட்டது" என்றால் யார் எடுத்தது? "நேரம் சரியில்லை", "கண்பட்டுவிட்டது" இதையெல்லாம் பாட்டியிடம் சொல்லிக்கொள், ஸ்லைடில் வேண்டாம்.

அடுத்தது "விட்டான், விட்டாள்" வகை. "டெலிவரி பையன் திடீரென்று நின்றுவிட்டான்" என்று என் தங்கை எழுதியிருந்தாள். பொய் இல்லை, அவன் நின்றான்தான். ஆனால் அதில் படிக்கிறவருக்கு என்ன இருக்கிறது? அவர் போய் நிற்காத பையனைத் தேடவா? மாற்றினோம்: "60 டப்பாவுக்கு இரண்டு பேரை மட்டும் வைத்திருந்தேன். ஒருவர் வராத அன்று மாற்று ஆள் இல்லை. 30 பேருக்குச் சாப்பாடு இரண்டு மணிக்குப் போனது." அதே சம்பவம்தான். இதில் யாருக்கும் அடி விழவில்லை, அடுத்தவர் செய்ய வேண்டிய வேலையும் தெரிகிறது.

எழுதி முடித்ததும் ஒரு குறுக்குவழி: ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயை அடிக்கோடிடு. "அவன், அவர்கள், மக்கள், மார்க்கெட், விதி" என்றே வந்துகொண்டிருந்தால் பழி எழுதுகிறாய். எல்லாமே "நான், நான், நான்" என்றாலும் சந்தேகப்படு, அதற்கு அடுத்த குறிப்பு.

4. தன்னைத்தானே திட்டிக்கொள்வதும் அழுகைதான்

"நான் ஒரு முட்டாள், எனக்குத் தகுதி இல்லை" என்று எழுதினால் பணிவு என்று நினைக்கிறாய். படிக்கிறவருக்கு அது கட்டளை: "இல்லைம்மா, நீங்க ரொம்ப தைரியசாலி" என்று அவர் கமென்ட் போட்டாக வேண்டும். ஆறுதல் கேட்க வேண்டுமானால் என்னைக் கூப்பிடு, டீ போட்டுத் தருகிறேன்.

வருத்தத்தை மறைக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு இடத்தில், ஒரே ஒரு வரியில், கண்ணால் பார்க்கிற மாதிரி வை. என் தங்கை வைத்தது இது: "கடைசி நாள் 200 காலி டப்பா மிஞ்சியது. இன்னும் பரணில் இருக்கிறது." போதும். அழுத முகத்தோடு செல்ஃபி, தூங்காத இரவுகள், துரோகம், வலி என்று நாலு வரி போட்டால் இந்த ஒரு வரிக்கு இருக்கிற கனமும் போய்விடும்.

5. எட்டு ஸ்லைடு போதும்

இன்ஸ்டாகிராம் 20 வரை விடுகிறது என்பதற்காக 20 போடாதே. வரிசை இது:

- ஸ்லைடு 1: எண்ணோடு தொடங்கு. அவளுடையது: "தினம் 60 சாப்பாடு விற்றேன். ஒவ்வொன்றிலும் 6 ரூபாய் நஷ்டம்." "என் தோல்விப் பயணம்" என்ற தலைப்பைப் பார்த்தால் கட்டைவிரல் தானாகவே மேலே தள்ளிவிடும்.
- ஸ்லைடு 2: என்ன தொழில், எந்த ஊர், எத்தனை மாதம். முதல் ஸ்லைடைக் கடந்து போனவருக்குச் சில சமயம் இரண்டாவதை இன்ஸ்டாகிராம் மறுபடி காட்டும். அதனால் இதுவும் தனியாகப் படித்தால் புரிய வேண்டும்.
- ஸ்லைடு 3: நன்றாகப் போன காலத்தின் கணக்கு, அந்த 89 ரூபாய்.
- ஸ்லைடு 4: எந்த முடிவு மாற்றியது. ஒன்றே ஒன்று. ஐந்து காரணம் சொன்னால் ஒன்றும் மனதில் நிற்காது.
- ஸ்லைடு 5: மாறிய கணக்கு, 106. மூன்றாவது ஸ்லைடின் அதே அமைப்பில், டெலிவரி வரி மட்டும் வேறு நிறத்தில். விளக்கமே வேண்டாம், கண் தானே அங்கே போகும்.
- ஸ்லைடு 6: எப்போது தெரிந்திருக்கலாம்? சந்தாப் பணத்தைத் தள்ளிவைத்துப் பார்த்திருந்தால் ஆறாவது மாதமே தெரிந்திருக்கும் என்று எழுதினாள். இந்த ஸ்லைடைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். தொழிலில் இருக்கிறவருக்கு மிகவும் வேண்டியதும் இதுதான்.
- ஸ்லைடு 7: பாடம்.
- ஸ்லைடு 8: செலவுப் பட்டியல், எண்கள் இல்லாமல் காலிக் கட்டங்களோடு. படிக்கிறவர் தன் கணக்கைப் போட்டுக்கொள்ளச் சேமித்து வைப்பார். "மீண்டும் எழுவேன்" வேண்டாம். அடுத்து நீ நடத்தப் போகும் வகுப்புக்கு விளம்பரமும் வேண்டவே வேண்டாம்.

6. பாடத்தில் எண்ணும் வேண்டும், எல்லையும் வேண்டும்

"திட்டமிடல் முக்கியம்" என்பதைத் தொழிலே செய்யாதவரும் சொல்வார். அதற்கு நீ 11 மாதம் அடுப்படியில் வேகத் தேவையில்லை. அவள் கடைசியாக எழுதியது: "என் லாபம் டப்பாவுக்கு 11 ரூபாய். அதனால் டெலிவரிச் செலவு 19 ரூபாயைத் தொட்டதுமே லாபம் பூஜ்யம். அதைத் தாண்டும் ஏரியாவுக்குத் தனி விலை வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மறுத்திருக்க வேண்டும்."

அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: "இது ஆள் வைத்து டெலிவரி செய்த என் கணக்கு. வாடிக்கையாளரே வந்து வாங்கிப்போகும் கடைக்குப் பொருந்தாது." இந்த வரியைப் போடத் தயங்காதே. உன் ஒரு கடையை வைத்து ஊரிலுள்ள எல்லாத் தொழிலுக்கும் புத்தி சொல்கிற ஆபத்திலிருந்து அதுதான் காப்பாற்றும்.

7. போடுவதற்கு முன் இரண்டு பேரிடம் காட்டு

ஒருவர் கதையில் வருகிறவர். பார்ட்னரோ தம்பியோ, பெயர் போடாவிட்டாலும் தெரிந்தவர்களுக்கு யாரென்று புரிந்துவிடும். அவர் சம்பந்தப்பட்ட ஸ்லைடை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "தப்பா எதாவது இருக்கா?" என்று கேள். பேச்சுவார்த்தையே இல்லாத அளவுக்குச் சண்டையா? அப்படியானால் அவர் வருகிற பகுதியையே எடுத்துவிடு. ஒரே முடிவை மட்டும் சொல்கிற கதைக்கு அவர் தேவைப்பட மாட்டார். கணக்கு வழக்கு கோர்ட்டில் இருந்தால் வக்கீலைக் கேட்காமல் எதையும் போடாதே.

இன்னொருவர் உன் தொழிலைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். படித்தபின், "இதுல யார் மேல தப்பு?" என்று கேள். அவர் டக்கென்று ஒரு ஆளைச் சொன்னால் திருப்பி எழுது. "தூரத்துக்கு விலை ஏத்தல, அதானே?" என்றால் சரி.

8. சில்லறை வேலைகள்

அளவு 1080 × 1350. ஓரங்களில் எழுத்து வேண்டாம், ப்ரொஃபைல் கட்டத்தில் வெட்டுப்படும். அலங்கார ஃபான்ட்கள் பலவற்றில் தமிழ் எழுத்தே இருக்காது, இருந்தாலும் சிலவற்றில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். போனில் பார்த்துவிட்டுப் போடு. கூட்டலை இன்னொரு முறை சரிபார், ஏனென்றால் போட்டபிறகு ஒரு ஸ்லைடை நீக்கலாம், திருத்திய ஸ்லைடை அதே இடத்தில் வைக்க முடியாது.

போட்ட அன்று சாயங்காலம் போனைக் கையில் வைத்திரு. கணக்கைப் பற்றி யார் கேட்டாலும் பதில் சொல். "அந்த டெலிவரி பையன் யாரு, எங்களையும் ஏமாத்தினான்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். "அவர் ஏமாத்தலைங்க, நான் மாற்று ஆள் வைக்கலை" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கமென்ட்டுக்குப் போ.