கையைத் தூக்கினால் மரத்துப்போகிறதா?

ஓரிக்கை தறிவீடுகளில் ஜக்கார்டு பெட்டி தலைக்கு மேலே இருக்கும். அதில் அட்டை மாற்றக் கையைத் தூக்கியதும் கை கனத்து, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரமரத்து, இறக்கியதும் சரியாகிறதா? காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே நரம்பு நசுங்கலாம்.

கழுத்து நரம்புக் கோளாறு பெரும்பாலும் நேரெதிர். உள்ளங்கையைத் தலைமேல் வைத்தால் வலி குறையும். அண்ணாந்து வலிக்கும் பக்கம் சாய்ந்தால் கூடும். மரமரப்பும் கட்டைவிரல், நடுவிரல் பக்கம்தான் அதிகம் இறங்கும்.

கைகளைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, முழங்கையை மடக்கி, 3 நிமிடம் விரல்களை மூடித் திறந்து பாருங்கள். பழைய மரமரப்பே திரும்பினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெறும் கடுப்பு என்றால் கணக்கில்லை, அது எல்லோருக்கும் வரும்.

கை வீங்கினாலோ, நீலம் பாரித்தாலோ, வெளுத்துச் சில்லிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.