பகடை கள்ளப் பகடையா? சராசரியைக் கேளுங்கள்

ஒரு பகடையை உருட்டினால் 1 முதல் 6 வரை எந்த எண்ணும் விழலாம், ஆறுக்கும் சமவாய்ப்புதான். பலமுறை உருட்டிப் பட்டை வரைபடம் வரைந்தால் ஆறு பட்டைகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும்.

இப்போது இரண்டு பகடைகளை உருட்டி, விழும் எண்களின் சராசரியை எடுப்போம். மொத்தம் 36 வழிகள். சராசரி 1 வர வேண்டுமானால் இரண்டிலும் 1 விழவேண்டும். அதற்கு ஒரே வழிதான். ஆனால் 3.5 வர ஆறு வழிகள் உண்டு. நான்கு பகடைகள் என்றால் மொத்தம் 1,296 வழிகள். அப்போதும் சராசரி 1 வர ஒரே வழி, 3.5 வரவோ 146 வழிகள்! பெரிய எண்ணும் சிறிய எண்ணும் ஒன்றையொன்று ஈடுகட்டும் வழிகள் ஏராளம் என்பதே காரணம். பகடைகள் கூடக் கூட, சராசரிகளின் வரைபடம் நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் மணி வடிவத்தை நெருங்குகிறது. இதுவே மைய எல்லைத் தேற்றம். ஒரு பக்கம் கனமான பகடையாக இருந்தாலும், போதிய முறை உருட்டினால் சராசரிகள் இதே வடிவத்துக்கு வந்துவிடும்.

மணியின் அகலத்தையும் கணக்கிடலாம். ஒரு பகடையின் திட்ட விலக்கம் சுமார் 1.71. சராசரியின் திட்ட விலக்கம் வேண்டுமானால், இதை உருட்டிய எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 100 முறை உருட்டினால் 1.71 ÷ 10 = 0.171.

இதன் பயனைப் பாருங்கள். ஒரு பகடையின் மீது சந்தேகம். 100 முறை உருட்டியதில் சராசரி 3.9 வந்தது. நேர்மையான பகடைக்கு 3.5 வரவேண்டும், வித்தியாசம் 0.4. மணி வடிவத்தில் நடுவிலிருந்து இரண்டு திட்ட விலக்கங்களுக்குள் சுமார் 95 விழுக்காடு அடங்கும். அதாவது 3.16 முதல் 3.84 வரை. நமது 3.9 அதற்கு வெளியே நிற்கிறது. நேர்மையான பகடை இவ்வளவு தூரம் விலகுவது நூற்றில் இரண்டு முறைதான். எனவே சந்தேகம் வலுக்கிறது.

அதே 3.9, வெறும் 25 முறை உருட்டிக் கிடைத்திருந்தால்? திட்ட விலக்கம் 0.342 ஆகிவிடும், எல்லை 2.82 முதல் 4.18 வரை விரியும். பகடையைக் குற்றம் சொல்ல முடியாது. ஆகவே, ஒரு சராசரியைப் பார்த்ததும் அது எத்தனை அளவீடுகளிலிருந்து வந்தது என்றும் கேட்கவேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒவ்வோர் உருட்டலும் மற்றதைச் சாராமல் இருக்கவேண்டும். பகடையைக் குலுக்காமல் மெல்லப் புரட்டினால், முந்திய எண் அடுத்த எண்ணைப் பாதிக்கும். மேற்கண்ட கணக்கு செல்லாது. அடுத்து, 1, 6 ஆகிய இரண்டும் மட்டும் சம அளவில் அதிகம் விழும் கள்ளப் பகடைக்கும் சராசரி 3.5தான். அதைப் பிடிக்க, ஒவ்வோர் எண்ணும் எத்தனை முறை விழுந்தது என்று தனித்தனியாக எண்ணிப் பார்க்கவேண்டும்.