கார்டைக் காட்டியும் மெஷின் எடுக்கவில்லையா?

திருநெல்வேலி டவுன் ரத வீதிக் கடையில் கார்டை மெஷின்மேல் காட்டியும் பணம் போகவில்லை என்றால், பெரும்பாலும் பிடித்த விதம்தான் காரணம். கார்டில் பேட்டரி கிடையாது. உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள், மெஷின் எழுப்பும் காந்தப்புலத்திலிருந்து மின்சாரம் எடுத்துத்தான் சிப்பை இயக்குகிறது. அந்தப் புலம் சட்டென்று தேய்ந்துவிடும்: சுருளைவிட்டுச் சற்று விலகியபின் தூரம் இரட்டித்தால், பலம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். அதனால் 4 செ.மீ.க்குள் கொண்டுபோங்கள். கார்டைச் செங்குத்தாக நீட்டாமல், மெஷினில் அலைக் குறி உள்ள இடத்துக்கு இணையாகப் படுக்கவைத்து ஒரு நொடி அசையாமல் பிடியுங்கள்.

நாங்குநேரி சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் சில மீட்டர் தள்ளியே படிக்கப்படுகிறதே என்று தோன்றலாம். அதிலும் பேட்டரி இல்லைதான். ஆனால் அது பரவிச் செல்லும் ரேடியோ அலையில் இயங்குவது, வேறு வகை.

பர்ஸோடு சேர்த்துக் காட்டாதீர்கள். இரண்டு கார்டுகள் ஒன்றாகப் பதில் சொன்னால் மெஷின் மறுத்துவிடும். ரூ.5,000-க்கு மேல் பின் கேட்பது விதி, கோளாறு அல்ல. செருகினால் வேலை செய்து, எந்த மெஷினில் காட்டினாலும் எடுக்கவில்லை என்றால், முதலில் வங்கி ஆப்பில் காட்டிப் பணம் செலுத்தும் வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால், சுருள் அறுந்திருக்கும். மாற்றுக் கார்டு கேளுங்கள்.