பேட்டன் கைமாற எத்தனை அடி?

வாங்குபவர் எப்போது கிளம்புவது? 4×100 மீட்டர் ரிலேயில் முதலில் தீர்க்க வேண்டியது இதுதான். கையை நீட்டும் விதமெல்லாம் பிறகு.

இப்போதைய விதிப்படி மாற்று மண்டலம் 30 மீட்டர். பேட்டன் அதற்குள் கைமாற வேண்டும். நடுவர் பார்ப்பது பேட்டன் இருக்கும் இடத்தை. ஓடுபவரின் காலை அல்ல. மண்டலத்தின் தொடக்கத்திலேயே வாங்கினால் வாங்குபவர் இன்னும் வேகம் பிடித்திருக்க மாட்டார். கடைசியில் வாங்கலாம் என்றால் சிறு பிசகும் தகுதியிழப்பில் முடியும். அதனால் 20-வது மீட்டரைக் குறிவையுங்கள்.

வாங்குபவர் மண்டலத்தின் தொடக்கக் கோட்டில் நிற்கட்டும். அவருக்குப் பின்னால் தரையில் ஓர் அடையாளம். தருபவர் அதைத் தொட்ட கணம் வாங்குபவர் பாய வேண்டும். அந்த அடையாளம் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு ஸ்டாப்வாட்ச் போதும்.

தருபவரை 100 மீட்டர் ஓடவிட்டு, கடைசி 24 மீட்டரை மட்டும் அளந்தோம் என்று வையுங்கள்: 3 விநாடி. அதாவது விநாடிக்கு 8 மீட்டர். வாங்குபவர் கைதட்டல் கேட்டுக் கிளம்பி 20 மீட்டர் கடக்க 3.3 விநாடி. அந்த நேரத்தில் தருபவர் 26.4 மீட்டர் வந்துவிடுவார். 20 போக மீதி 6.4. இருவரும் கை நீட்டுவதால் தருபவர் ஒரு மீட்டர் பின்னாலிருந்தே கொடுத்துவிடலாம். அதைக் கூட்டினால் 7.4 மீட்டர். 27 செ.மீ. ஷூவில் பாதத்தோடு பாதம் ஒட்டி வைத்தால் 27 அடி.

முதல் நாள் கணக்கைவிட இரண்டு அடி குறைத்து 25 அடியில் தொடங்குங்கள். தருபவர் முதுகில் இடிக்கிற மாதிரி வந்தால் இரண்டு அடி கூட்டுங்கள். எட்டிப் பிடிக்க முடியாமல் திணறினால் இரண்டு அடி குறையுங்கள். ஆனால் மாற்றும் முன் வாங்குபவரின் காலைக் கவனியுங்கள்: அடையாளத்துக்கு முன்பே பதறிக் கிளம்பியிருந்தால் தவறு அடியில் இல்லை. முழு வேகத்தில் ஓடாத ஒத்திகையை வைத்து அடியை மாற்றவே கூடாது.

கை விஷயம் எளிது. முதலாமவர் வலக்கையில் பேட்டனோடு தடத்தின் உள்விளிம்பை ஒட்டி வருகிறார்; இரண்டாமவர் வெளிப்பக்கம் நின்று இடக்கையில் வாங்குகிறார்; மூன்றாமவர் மறுபடி வலக்கை, நான்காமவர் இடக்கை. வாங்கியபின் கை மாற்றுவதே இல்லை. "கை!" என்று தருபவர் குரல் கொடுத்த பிறகே வாங்குபவரின் கை பின்னால் போக வேண்டும், முன்கூட்டியே நீட்டினால் ஓட்டம் தளரும். நீட்டிய கை அசையக்கூடாது, தலை திரும்பக்கூடாது. உள்ளங்கைக்குள் பேட்டனை வைப்பது தருபவரின் வேலை. வாங்குபவர் துழாவினால்தான் பெரும்பாலும் விழுகிறது. விழுந்தால் நழுவவிட்டவரே எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு ஜோடிக்கும் அடி எண்ணிக்கை வேறு; நோட்டில் எழுதி வையுங்கள். ஒருவரை மாற்றினால் அவர் தரும், வாங்கும் இரண்டு இடங்களையும் மீண்டும் அளக்க வேண்டும். போட்டியன்று ஒட்டும் டேப் 5 செ.மீ. அகலம், 40 செ.மீ. நீளத்தைத் தாண்டக்கூடாது, அதுவும் ஒன்றுதான், உங்கள் தடத்துக்குள்.