சேலைப் படத்திற்கு ஆல்ட் டெக்ஸ்ட்

ஆரணி பட்டுச் சேலை ஒன்றின் போட்டோவை உங்கள் இணைய தளத்தில் லிங்க்காக அமைக்கிறீர்கள். பார்வையற்ற ஒருவர், இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. புரோகிராம் மூலம் அந்தப் பக்கத்தைக் காதால் படிக்கிறார். படத்திற்கு ஆல்ட் டெக்ஸ்ட் இல்லையென்றால், பெரும்பாலும் பைலின் பெயர்தான் அவருக்குக் கேட்கும். எனவே இப்படி அமைத்திடவும்:

```
<img src="IMG_2041.jpg" alt="அரக்கு நிறப் பட்டுச் சேலை, பச்சை பார்டர், முந்தானையில் பாலியஸ்டர் ஜரிகை மயில்கள்">
```

"படம்" என்று தொடங்க வேண்டாம், அதை என்.வி.டி.ஏ.வே சொல்லிவிடும்.

ஏ.ஐ. புரோகிராம்கள் இதைத் தானாக எழுதித் தராதா? தரும். புதியவை மயிலையும் பார்டரையும்கூடச் சொல்லிவிடும். சிக்கல் வேறு இடத்தில். கடை வெளிச்சத்தில் அரக்கு பழுப்பாகத் தெரிந்தால், பழுப்பு என்றே அடித்துச் சொல்லும். ஜரிகை அசலா, பாலியஸ்டரா என்பது போட்டோவில் தெரியாது. ஆனாலும் "தங்க ஜரிகை" என்று எழுதிவிடலாம். கேட்பவரால் சரிபார்க்க முடியாது. நம்பி ஆர்டர் கொடுத்துவிடுவார். சேலை இருப்பது உங்கள் கையில். ஏ.ஐ. தந்த வரியை எடுத்துக்கொண்டாலும், நிறத்தையும் ஜரிகையையும் சேலையைப் பார்த்துத் திருத்திடவும்.

அலங்காரத்திற்காக மட்டும் வைத்த பூப்படங்களுக்கு `alt=""` என்று காலியாக விடவும். என்.வி.டி.ஏ. அவற்றைத் தாண்டிச் சென்றுவிடும்.