மலிவுத் துணியின் உண்மை விலை

அன்புள்ள வாசகருக்கு,

திருப்பூரிலிருந்து நீங்கள் அனுப்பிய கணக்குத்தாளைப் பார்த்தேன். துணி வாங்கியதில் ரூ.15,000 மிச்சம், தையலில் ரூ.9,750 நட்டம் என்று எழுதி, டெய்லர்கள் வேகம் குறைந்துவிட்டதாக முடிவு கட்டியிருக்கிறீர்கள். அந்த முடிவு எனக்கு ஏற்புடையதல்ல.

முதலில் துணி விலை. கிலோ 400 ரூபாய் என்று திட்டமிட்டு, 385-க்கு 1,000 கிலோ வாங்கினீர்கள். 15 ரூபாயை 1,000-ஆல் பெருக்கினால் ரூ.15,000 சாதகம். பொருள் விலை மாறுபாட்டை நீங்கள் சரியாகவே போட்டிருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். திட்ட விலையில் வண்டி வாடகை சேர்ந்திருந்தால் 385-லும் அது சேர்ந்திருக்க வேண்டும். ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதால் அது எந்தப் பக்கத்திலும் வரக்கூடாது. பல யூனிட்டுகளில் இந்த வரியில் தெரியும் மிச்சம் வாடகையை விட்டதால் வந்ததாகவே இருக்கும்.

தையல் கணக்கில்தான் பிழை. ஒரு டி-ஷர்ட்டுக்குக் கால் மணி நேரம், மணிக்கு 75 ரூபாய் கூலி என்பது உங்கள் திட்டம். ஆர்டர் 5,000 பீஸ் என்பதால் 1,250 மணி ஆகியிருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு, கூலி கொடுத்த 1,380 மணியோடு ஒப்பிட்டீர்கள். ஆனால் தைத்து முடிந்தது 4,800 பீஸ்தானே? தைத்த எண்ணிக்கைக்கு உரிய நேரம் 1,200 மணி. ஆகவே கூடுதல் 180 மணி, பாதகம் ரூ.13,500. தைக்காத பீஸுக்கும் நேரம் ஒதுக்கினால் நட்டம் சிறியதாகத் தெரியும்.

ஆனால் அந்த 180 மணியும் டெய்லர்கள் கணக்கில் போகாது. மின்சாரம் இல்லாமல் 20 பேர் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது 60 மணி, ரூ.4,500. அதைச் செயலற்ற நேரம் என்று தனி வரியில் எழுதுங்கள். உழைப்புத் திறன் மாறுபாடாக மிஞ்சுவது 120 மணி, ரூ.9,000. உங்களிடம் ஷிப்ட் கூலி என்பதால்தான் இந்த வரிக்குப் பொருள் உண்டு. பீஸ் ரேட்டில் தைப்பவர்கள் மெதுவாகத் தைத்தாலும் ஒரு பீஸுக்கு நீங்கள் தரும் கூலி மாறாது.

இனி, அந்த 120 மணி எங்கே போனது? துணியிலிருந்து தொடங்குவோம். கட்டிங் பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது: கேட்ட ஜிஎஸ்எம் 180, வந்தது 187. துணியை நாம் எடைக்கு வாங்குகிறோம், பரப்புக்கு வெட்டுகிறோம். சதுர மீட்டருக்கு 7 கிராம் கூடினால் அதே 1,000 கிலோவில் பரப்பு ஏறக்குறைய 4 சதவீதம் குறையும். பீஸுக்கு 200 கிராம் என்ற திட்டப்படி 4,800 பீஸுக்கு 960 கிலோ போதும். உங்களுக்கோ 1,000 கிலோவும் தீர்ந்தது. 40 கிலோவைத் திட்ட விலையான 400-ஆல் பெருக்கினால் ரூ.16,000. உங்கள் தாளில் பொருள் பயன்பாட்டு மாறுபாட்டுக்கு வரியே இல்லாததால் இந்த நட்டம் எங்கும் தெரியவில்லை. ஆர்டரில் 200 பீஸ் குறைந்ததற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

அதே ரோல்களில் ஊசிக் கோடும் ஓட்டையும் இருந்ததாகச் செக்கிங் சீட்டு சொல்கிறது. பழுதான பாகத்தைப் பிரித்து, மாற்றுப் பாகம் வைத்து மறுபடி தைப்பதும் டெய்லரின் நேரம்தான். இது என் ஊகமாகவே நின்றுவிடக் கூடாது, சோதித்துப் பாருங்கள். அதே மாதத்தில் அதே டெய்லர்கள் வேறு லாட் துணியில் தைத்த பீஸுக்கு எத்தனை நிமிடம் ஆனது என்று எடுங்கள். அங்கே 15 நிமிடத்துக்குள் முடிந்திருந்தால் குறை துணியில். அங்கும் நேரம் கூடியிருந்தால் மெஷினையும் லைன் அமைப்பையும் பாருங்கள், திட்ட நேரமே சரியா என்பதையும் பாருங்கள். இந்தச் சோதனைக்கு நேரச் சீட்டில் லாட் நம்பர் இருக்க வேண்டும். இப்போது உங்கள் சீட்டில் அந்தக் கட்டமே இல்லை.

சோதனை துணியைக் காட்டினால் கணக்கு இப்படி முடியும். கூடுதலாகப் போன துணி ரூ.16,000, கூடுதல் தையல் ரூ.9,000, ஆக ரூ.25,000. 1,000 கிலோவுக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு 25 ரூபாய். 385-க்கு வாங்கிய துணி உங்கள் யூனிட்டுக்கு 410 ரூபாய் ஆகியிருக்கிறது.

அடுத்த லாட் வந்து இறங்கியதும் கட்டிங் மேசைக்கு அனுப்புவதற்கு முன் ரோலுக்கு ஒரு வட்டம் ஜிஎஸ்எம் கட்டரில் வெட்டி எடை போடுங்கள். 1.8 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 1.87 காட்டினால், பில்லுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே துணிக்காரரிடம் பேசிவிடுங்கள். டெய்லர்களிடம் பேசுவதை லாட் வாரியான நேரம் கைக்கு வரும்வரை தள்ளிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்