அண்டா ஒன்று, மூடியுடன்

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மொய் எழுத ஆண்கள் மேசை போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பெண்ணுக்கு வந்த சீர்சாமானைக் கணக்கெழுதுவது பல வருஷமாக என் பொறுப்பு. மொய் நோட்டில் ஊர், பெயர், தொகை என்று மூன்று விவரம் இருந்தால் போதும். பாத்திரம் அப்படி அடங்காது. ஒரே மாதிரி எவர்சில்வர் குடம் நாலு பேர் வீட்டிலிருந்து வரும். குக்கர் எத்தனை வரும் என்று சொல்லவே முடியாது. மோகனூரிலும் நாமக்கல்லிலும் கடைக்குப் போகிற சொந்தக்காரர் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது குக்கர்தான்.

மண்டபத்தில் சீரைப் பரப்பி வைத்த பிறகு எழுத ஆரம்பித்தால் வேலை நடக்காது. பிறந்த வீட்டில் வாங்கிய சாமானை அது வீட்டில் இருக்கும்போதே எழுதி முடித்துவிடுவேன். பாத்திரக் கடை பில் பக்கத்தில் இருக்கும், பெண்ணும் கூட இருப்பாள், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். மண்டபத்தில் கைக்கு வருவதை மட்டும் அன்றைக்கு எழுதுவேன். அதற்கென்று அடுக்கும் இடத்தில் ஒரு பையனை நிறுத்தி, கொண்டுவந்தவர் பெயரைக் கேட்டு அட்டைப்பெட்டி மேலேயே எழுதச் சொல்லிவிடுவேன். பெட்டி பிரிபட்ட பிறகு யார் கொடுத்தது என்று தேடுவது வீண் வேலை.

ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு என் தங்கை மகள் பட்டியலிலிருந்து ஒன்று: “பித்தளை அண்டா, மூடியுடன், 1. எடை 8 கிலோ 400 கிராம். மதிப்பு சுமார் ரூ. 7,500. கொடுத்தவர்: பெண்ணின் தாய்மாமன், அம்மாவின் தம்பி. கழுத்தில் அவர் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியது.” அந்த மூடியைத் தனியாகக் குறிப்பிடாவிட்டால், பின்னாளில் அண்டா மட்டும் திரும்பி வந்தாலும் கேட்க வழியில்லை. பித்தளையை எடைக்குத்தான் விற்கிறார்கள், அதனால் பில்லில் எடை இருக்கும். எட்டரைக் கிலோ அண்டாவுக்கும் ஐந்து கிலோ அண்டாவுக்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, காட்டுவது தராசுதான். எவர்சில்வருக்கு எடை அவ்வளவு முக்கியமில்லை, எண்ணிக்கைதான் முக்கியம். “டின்னர் செட் 1” என்று எழுதவே கூடாது. தட்டு 6, டம்ளர் 6, கிண்ணம் 12, கரண்டி 6 என்று பிரித்து எழுத வேண்டும். தூக்குப்போசி, சம்படம், அடுக்குச் சட்டி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

பெயர் வெட்டுவதைச் சிலர் இப்போது பழைய வழக்கம் என்கிறார்கள். எனக்கு அதைவிட நல்ல அத்தாட்சி தெரியாது. பாத்திரக் கடையிலேயே மின்கருவி வைத்து வெட்டித் தருவார்கள். வெட்டியதை அப்படியே, தலைப்பெழுத்து உட்பட, பட்டியலிலும் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே ரகக் குடம் நாலு இருந்தால் நாலையும் ஒரே வரியில் போடாமல் நாலு வரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெட்டிய பெயரைக் குறிப்பேன். மிக்ஸி, கிரைண்டர், பிரிட்ஜுக்குப் பெயருக்குப் பதில் சீரியல் நம்பர். அது உடம்பிலேயே ஒட்டியிருக்கும். வாரண்டி அட்டையிலும் இருக்கும்.

கொடுத்தவர் பெயரில்தான் அதிகச் சிக்கல். “மாமா” என்று மட்டும் எழுதினால், அம்மாவின் தம்பியும் அத்தை வீட்டுக்காரரும் ஒரே வரிக்குள் வந்துவிடுகிறார்கள். முறையை விரித்து எழுத வேண்டும். பங்கு போட்டு வாங்கியது இன்னொரு வகை. தங்கை மகள் கல்யாணத்தில் மூன்று அத்தைகள் சேர்ந்து பிரிட்ஜ் வாங்கினார்கள். மூத்தவள் பெயரை மட்டும் எழுதப் போனேன். சின்னவள், “ஏனுங்க அண்ணி, எங்க காசு எங்க போச்சுங்க?” என்றாள். கேட்டது சரிதான். மூவர் பெயரும் ஏறியது. பெண் தன் சம்பளத்தில் வாங்கிக்கொண்ட வாஷிங் மெஷினை இதில் சேர்க்கவில்லை. அது யாரும் கொடுத்த பரிசு இல்லை. அவள் பெயரில் பில்லோடு தனிப் பக்கம்.

நான் வழக்கத்துக்காக எழுதிவந்ததைச் சட்டமும் கேட்கிறது என்று பிறகுதான் அறிந்தேன். 1961 வரதட்சிணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985 அக்டோபர் 2 முதல் தனி விதிகள் நடப்பில் இருக்கின்றன. பெண்ணுக்கு வந்த பரிசுகளின் பட்டியலைப் பெண்ணும், மாப்பிள்ளைக்கு வந்ததை மாப்பிள்ளையும் வைத்துக்கொள்ள வேண்டும். கல்யாணத்தன்றோ கூடிய சீக்கிரமோ எழுத்தில் இருக்க வேண்டும். சாமானின் சுருக்க விவரம், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், அவர் உறவென்றால் என்ன முறை, கடைசியில் இருவர் கையெழுத்து. மண்டபத்தில் இருந்த சொந்தக்காரர்களிடமும் விரும்பினால் கையெழுத்து வாங்கலாம். பத்திரத்தாள் தேவையில்லை, நோட்டுப் புத்தகம் போதும். அதே 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், சீதனம் பெண்ணுக்கே முழு உரிமையான சொத்து, அது கணவன் வீட்டில் இருப்பதால் கூட்டுச் சொத்தாகிவிடாது என்றது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கேட்டு வாங்கிய சாமானைப் பட்டியலில் ஏற்றிவிட்டால் அது பரிசாகிவிடாது. கேட்காமல், வழக்கப்படி, கொடுப்பவர் வசதிக்கு மீறாமல் கொடுத்ததைத்தான் சட்டம் பரிசு என்று விடுகிறது.

கையெழுத்து என்றதும் பெண்வீட்டார் தயங்குவார்கள். “இன்னிக்கே சந்தேகப்படறாங்கன்னு நெனைப்பாங்க” என்பதுதான் பேச்சு. நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இருவரும் எப்படியும் கையெழுத்துப் போடத்தான் போகிறார்கள். அங்கே பரிசுப் பட்டியலைக் கேட்க மாட்டார்கள், ஆனாலும் அன்றைக்கு இரண்டு பட்டியலையும் சேர்த்து நீட்டினால் யாருக்கும் உறுத்தாது. மாப்பிள்ளைக்கு வந்ததையும் எழுதி, இரண்டிலும் இருவரும் போட வேண்டும். ஒருதலையாக எழுதினால்தான் வருத்தம் வரும்.

பட்டியல் சரியில்லாவிட்டால் என்னவாகும் என்பதை எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் பிரிந்து வந்தபோது பார்த்தேன். அவள் வீட்டார் எழுதி வைத்திருந்தது “பித்தளைப் பாத்திரம் ஒரு லாட், எவர்சில்வர் ஒரு செட்.” அந்த வீட்டில் மாமியார் சீராகக் கொண்டுவந்த பித்தளையும் அதே பரணில் இருந்தது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசிய அன்று, பெயர் வெட்டிய பாத்திரங்கள் அரை மணி நேரத்தில் இந்தப் பக்கம் வந்துவிட்டன. வெட்டாத தவலை இரண்டு, குத்துவிளக்கு ஜோடி, தாம்பாளம் ஆகியவற்றுக்கு இரண்டு வீட்டாரும் உரிமை சொன்னார்கள். எதிர்த்தரப்பு பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பத்து வருஷம் ஒரே பரணில் கிடந்த தாம்பாளம் யாருடையது என்று அவர்களுக்கே தெரியவில்லை. கடைசியில் குத்துவிளக்கு பழைய கல்யாணப் படத்தில் தெரிந்ததால் வந்தது. தவலை வரவில்லை.

அதிலிருந்து பரப்பிய சீரை வரிசை வரிசையாகப் படமெடுக்கச் சொல்கிறேன். தூரத்திலிருந்து எடுத்தால் மினுமினுப்புத்தான் தெரியும். பத்துப் பதினைந்து சாமானுக்கு ஒரு படம், வெட்டிய பெயர் தெரிகிற மாதிரி.

பட்டியலுக்கு இரண்டு பிரதி எழுதுவது என் வழக்கம், இரண்டும் ஒரே ஒழுங்கில் இருக்காது. பெண்ணிடம் போவது சாமான் வாரியாக: பித்தளை, எவர்சில்வர், மின்சாமான், கட்டில் பீரோ. அவளுக்கு வேண்டியது எது எங்கே இருக்கிறது என்பதுதான். அம்மாவிடம் இருப்பது கொடுத்தவர் வாரியாக, ஊர் பிரித்து: மோகனூர், வாங்கல், பரமத்தி. அந்த வீடுகளில் விசேஷம் வரும்போது திருப்பிச் செய்ய வேண்டியது அம்மாதானே. அவர்கள் கொடுத்த அண்டாவின் எடை தெரிந்தால்தான் நாம் கொடுக்க வேண்டியதன் எடையும் தெரியும். தலைதீபாவளி, ஆடிச் சீர், வளைகாப்பு என்று பிறகு போகிறதையும் இதே நோட்டில் தேதி போட்டுத் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள் என்று சொல்வேன். பாதிப் பேர் தலைதீபாவளியோடு நிறுத்திவிடுகிறார்கள். எழுதுகிற மீதிப் பேரிடம்தான் அடுத்த கல்யாணத்துக்கு நாங்கள் நோட்டைக் கேட்டு வாங்குகிறோம்.